பெயர் இல்லாத ஒரு சீட்டு

கெங்கவல்லியில் ஒரு வீட்டுக்கு இப்படி ஒரு காகிதம் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அனுப்பியவர் பெயர் இல்லை, நோயின் பெயரும் இல்லை. இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லி ஓர் எண் மட்டும் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு வரி: "பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் ஓர் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கலாம்."

படிப்பவருக்கு முதலில் கோபம்தான் வரும். உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை, பரிசோதனையும் ஒன்றும் இல்லை என்றே சொல்லப்போகிறது, பிறகு எதற்கு ஊசி? நியாயமான கேள்விதான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் நூறாண்டு மருத்துவ அறிவு இருக்கிறது. அதை விளங்கிக்கொண்டால் அந்தக் காகிதம் ஏன் சிலவற்றைச் சொல்கிறது, ஏன் சிலவற்றைச் சொல்லாமல் விடுகிறது என்பதும் விளங்கும்.

நோய் சிபிலிஸ். நம் பக்கத்துப் பெரியவர்கள் கிரந்தி, மேகநோய் என்றெல்லாம் சொன்னவற்றுக்குள் இதுவும் அடக்கம். மருத்துவர்கள் பால்வினை நோய்கள் என்று தொகுத்துச் சொல்லும் குடும்பத்தைச் சேர்ந்தது இது. பென்சிலின் வந்த பிறகு மிக எளிதாகக் குணமாகும் நோயாகவும் ஆகிவிட்டது.

ஒரு கற்பனை ஆளை எடுத்துக்கொள்வோம். திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் போர்வெல் ரிக் வண்டியில் வேலை செய்யும் இளைஞர். கெங்கவல்லிக்காரர், மணமானவர். பொங்கலுக்கு ஊருக்கு வந்து, ஜனவரி 20 வாக்கில் மகாராட்டிரத்துக்குத் திரும்பிப் போகிறார். அங்கே ஒரு பெண்ணோடு பழக்கம் ஏற்படுகிறது. மார்ச் 24 அன்று ஆண்குறியில் ஒரு புண்ணைப் பார்க்கிறார். விளிம்பு கெட்டியாக இருக்கிறது, தொட்டால் வலிக்கவில்லை. வலிக்காததால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்ச் 28 அன்று வீட்டுக்கு வருகிறார். ஏப்ரல் 5 அன்று அரசு மருத்துவமனைக்குப் போகிறார். இரத்தம் எடுக்கிறார்கள், சிபிலிஸ் உறுதியாகிறது. அன்றே பென்சிலின் போடப்படுகிறது.

அவரளவில் சிகிச்சை முடிந்துவிட்டது. மருத்துவமனைக்கு முடியவில்லை. ஆலோசகர் அவரைத் தனியறையில் உட்காரவைத்து, கடந்த சில மாதங்களில் யார் யாரோடு உடலுறவு இருந்தது என்று கேட்பார். இந்தச் "சில மாதங்கள்" மனம் போன கணக்கு அல்ல. சிபிலிஸ் கிருமி உடலுக்குள் புகுந்த நாளிலிருந்து முதல் புண் தோன்ற 10 நாள் ஆகலாம், 90 நாளும் ஆகலாம். சராசரியாக 21 நாள். ஆகவே புண் தோன்றியதற்கு முந்தைய 90 நாளையும், புண் இருந்த நாட்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நம் இளைஞருக்குப் புண் வந்து 12 நாள் ஆகிறது. மொத்தம் 102 நாள். ஏப்ரல் 5 முதல் பின்னோக்கி எண்ணினால் டிசம்பர் 24 வரை போகும். பொங்கல் விடுமுறை அதற்குள் வந்துவிடுகிறது. மகாராட்டிரத்துப் பெண்ணும் வருகிறார். மார்ச் 28-க்குப் பிறகு வீட்டில் கழிந்த நாட்களும் வருகின்றன. அதாவது, தகவல் சொல்ல வேண்டியவர்கள் இருவர்.

அந்த இருவரில் ஒருவருக்குப் போகும் கடிதம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். தொற்று ஒன்றுக்குச் சிகிச்சை பெறும் ஒருவர், அது உங்களுக்கும் வந்திருக்க வாய்ப்புண்டு என்று எண்ணி, உங்கள் உடல்நலம் கருதி இந்தத் தகவலைச் சேர்ப்பிக்கக் கேட்டுக்கொண்டார். அவர் யார் என்பதை நாங்கள் சொல்ல மாட்டோம். உங்களைப் பற்றிய எதையும் அவரிடமும் சொல்ல மாட்டோம். உங்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாமல் இருக்கலாம். இந்தத் தொற்று பல மாதம் வெளியே தெரியாமல் இருக்கக் கூடியது. சிறிதளவு இரத்தம் எடுத்துப் பரிசோதிப்போம். கட்டணம் இல்லை. முடிவு உங்களிடம் மட்டுமே சொல்லப்படும். பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் ஓர் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கலாம். காரணத்தை மருத்துவர் நேரில் விளக்குவார். முன்பு எந்த மருந்தாவது ஒவ்வாமல் போயிருந்தால் சொல்லுங்கள். கருவுற்றிருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை உடலுறவைத் தவிருங்கள். வரும்போது உங்கள் பெயரோ முகவரியோ சொல்ல வேண்டாம். கீழே உள்ள எண்ணைச் சொன்னால் போதும்."

இதில் நோயின் பெயர் இல்லை, தொற்று நேர்ந்த நாளோ இடமோ இல்லை. "உங்கள் கணவர்" என்றோ "உங்கள் தோழர்" என்றோ ஒரு சொல்லும் இல்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே நோயின் குறி இருக்கும். மருத்துவர் அதைப் பார்த்து என்ன பரிசோதனை, என்ன மருந்து என்று தெரிந்துகொள்வார். காகிதம் தவறான கையில் சிக்கினால் அது வெறும் எண்தான்.

இனி அந்த ஊசி வரிக்கு வருவோம்.

சிபிலிஸ் கிருமியின் பெயர் டிரிபோனிமா பாலிடம். 1905-இல் பெர்லினில் ஷௌடினும் ஹோஃப்மனும் நுண்ணோக்கியில் கண்டார்கள். திருகாணிபோல் சுருண்ட, மிக மெல்லிய உடல். சாதாரண பாக்டீரியா பல அரைமணி நேரத்துக்குள் இரண்டாகப் பிரிந்துவிடும். இந்தக் கிருமிக்கு ஒரு முறை பிரிய 30 மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. இந்த வேகத்தை எப்படிக் கண்டார்கள்? வெகுகாலம் ஆய்வகத் தட்டில் இதை வளர்க்கவே முடியவில்லை. முயலின் உடலில்தான் வளர்த்தார்கள். எத்தனை கிருமிகளைச் செலுத்தினால் எத்தனை நாளில் புண் தோன்றுகிறது என்று எண்ணிப் பார்த்தபோது இந்த மந்தகதி தெரியவந்தது. குறைவாகச் செலுத்தினால் புண் தாமதமாக வந்தது. 10 நாள் முதல் 90 நாள் வரையென்ற அகலமான இடைவெளிக்கு இதுவே பெரிய காரணம்.

பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமி உடலில் ஏற்படுத்திய எதிர்வினையைத்தான் தேடுகிறது. நம் அரசு மருத்துவமனைகளில் முதலில் செய்வது ஆர்.பி.ஆர். பரிசோதனை. கிருமி திசுக்களைச் சேதப்படுத்தும்போது கார்டியோலிப்பின் போன்ற கொழுப்புப் பொருள்கள் வெளிப்படுகின்றன. அவற்றுக்கு எதிராக உடல் எதிர்ப்புப் புரதங்களை, அதாவது எதிர்மங்களை, உண்டாக்குகிறது. ஆய்வக ஊழியர் இரத்தத்தின் தெளிநீரில் ஒரு சொட்டை வெள்ளை அட்டையில் விட்டு, அதே வகைக் கொழுப்பு பூசிய கரித்துகள் கலவையைச் சேர்த்து எட்டு நிமிடம் சுழற்றுவார். எதிர்மம் இருந்தால் கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டுகளாகத் திரளும். இல்லையென்றால் ஒரே சாம்பல் நிறமாகவே இருக்கும். வெறும் கண்ணால் பார்க்கலாம், பெரிய கருவி வேண்டாம்.

இந்த எதிர்மங்கள் கணக்கில் தெரியும் அளவுக்குச் சேர, புண் தோன்றிய பிறகும் ஒன்று முதல் நான்கு வாரம் ஆகும். புண் வரவே சராசரி மூன்று வாரம் என்றால், கிருமி புகுந்து நான்கு முதல் ஏழு வாரம் வரை அட்டை சாம்பல் நிறமாகவே இருக்கலாம். மெதுவான தொற்றுகளில் இன்னும் தள்ளிப்போகும். அந்த மனைவி ஏப்ரல் 7 அன்று பரிசோதனைக்கு வருகிறார் என்று கொள்வோம். கணவர் புண்ணோடு வீடு வந்து பத்து நாள்தான் ஆகிறது. அப்போது தொற்றியிருந்தால் கிருமி அவர் உடலில் இருக்கும். பரிசோதனையோ இல்லை என்றே சொல்லும். பரிசோதனை தவறு செய்யவில்லை. அது தேடும் பொருள் இன்னும் உருவாகவில்லை, அவ்வளவுதான்.

தொற்றும் கட்டத்தில் இருப்பவரோடு உறவு கொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நோய் வருகிறது என்பது நெடுநாள் கவனிப்பில் கிடைத்த மதிப்பீடு. மூன்றில் இரண்டு பங்கு வராமல் போகவும் வாய்ப்பு உண்டு. ஆனால் யார் அந்த மூன்றில் ஒருவர் என்று இன்று சொல்லப் பரிசோதனையால் முடியாது. மூன்று மாதம் காத்திருந்து பார்க்கலாமே என்று தோன்றும். காத்திருக்கும் காலத்தில் புண் வரும். பெண்ணுக்கு அது கருப்பை வாயில் வந்தால் அவருக்கே தெரியாது. வந்த சுவடு இல்லாமல் 3 முதல் 6 வாரத்தில் தானே ஆறியும் விடும். ஆறிவிட்டதே என்று நிம்மதியாக இருக்கும்போது கிருமி இரத்தம் வழியே உடலெங்கும் பரவும். ஆகவேதான் கடந்த 90 நாட்களுக்குள் தொடர்பு ஏற்பட்டவர்களுக்குப் பரிசோதனை முடிவு எப்படி இருந்தாலும் அன்றே ஊசி போடச் சொல்கிறார்கள்.

அந்த ஊசி பென்சத்தீன் பென்சிலின். அளவு 24 லட்சம் யூனிட். இரண்டு பக்கப் புட்டத்திலும் பாதிப் பாதியாகப் போடுவது வழக்கம், நன்றாகவே வலிக்கும். 1943-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் மஹோனி நான்கு நோயாளிகளுக்குப் பென்சிலின் கொடுத்துச் சிபிலிஸைக் குணப்படுத்திக் காட்டினார். எண்பது ஆண்டு கடந்தும் இந்தக் கிருமி பென்சிலினுக்குத் தப்பக் கற்றுக்கொள்ளவில்லை. பென்சத்தீன் வகை தசைக்குள் தங்கி, இரண்டு மூன்று வாரம் சிறுகச் சிறுகக் கசியும். மெதுவாகப் பிரியும் கிருமிக்கு மெதுவாகக் கசியும் மருந்துதான் பொருத்தம்; பிரியும் வேளையில்தான் பென்சிலின் அதைக் கொல்லும். தொற்றி ஓராண்டுக்குள் என்றால் ஒரே தவணை. அதற்கும் பழையது என்றாலோ, எப்போது தொற்றியது என்றே தெரியாவிட்டாலோ, வாரம் ஒன்றாக மூன்று தவணை.

ஊசி போட்ட அன்றிரவு சிலருக்குக் காய்ச்சல், தலைவலி, உடல்வலி வரும். கிருமிகள் கூட்டமாகச் சாவதால் வருவது. ஒரு நாளில் அடங்கிவிடும். இதைப் பென்சிலின் ஒவ்வாமை என்று எண்ணி அடுத்த தவணைக்குப் போகாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையான ஒவ்வாமை ஊசி போட்ட சில நிமிடங்களில் தடிப்பு, மூச்சுத்திணறல் என்று வரும். அதனால்தான் போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்கிறார்கள். பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை உண்டு. கருவுற்ற பெண்ணுக்கு அது ஆகாது. அவருக்குப் பென்சிலின் ஒன்றே வழி. தாயின் தொற்று நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போனால் குறைப்பிரசவம், இறந்து பிறத்தல், பிறவிச் சிபிலிஸ் எல்லாம் நேரக்கூடும். கடிதத்தில் கருவுற்றவருக்குத் தனியாக ஒரு வரி இருப்பது இதனால்தான்.

கணவரின் பரிசோதனைக் காகிதத்தில் "ஆர்.பி.ஆர். 1:16" என்று எழுதியிருந்தது. இந்த எண்ணைப் பார்த்துப் பயப்படுபவர்கள் அதிகம். உப்புப் போட்ட மோரில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு ருசி பாருங்கள். இன்னும் உப்புக் கரிக்கிறதா? அதை எடுத்து மறுபடி பாதிக்குப் பாதி தண்ணீர் விடுங்கள். எத்தனையாவது முறை உப்பு தெரியாமல் போகிறதோ, அதிலிருந்து முதலில் எவ்வளவு உப்பு இருந்தது என்று கணிக்கலாம். ஆய்வகமும் இதையே செய்கிறது. 16 மடங்கு நீர்த்தும் கரித்துகள் திரண்டன, 32 மடங்கில் திரளவில்லை என்பதே 1:16. சிகிச்சைக்குப் பிறகு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் இது 1:4 அல்லது அதற்கும் கீழே இறங்கினால் மருந்து வேலை செய்தது என்று பொருள். இறங்கியது மறுபடி ஏறினால் பெரும்பாலும் மருந்தைக் குறை சொல்வதற்கில்லை. சிகிச்சை பெறாத துணையிடமிருந்து நோய் திரும்பி வந்திருக்கும். ஒருவருக்கு மட்டும் ஊசி போட்டு அனுப்பும் மருத்துவமனை சில மாதம் கழித்து அதே ஆளை மறுபடி பார்க்கும்.

ஆர்.பி.ஆர். கிருமியை நேரடியாகக் காட்டாததால் வேறு காரணத்தாலும் திட்டுத் திரளலாம். கர்ப்பம், மலேரியா, தொழுநோய், சில மூட்டுவாதங்கள் இதைச் செய்யும். அதனால் கிருமிக்கென்றே உண்டாகும் எதிர்மத்தைத் தேடும் டி.பி.எச்.ஏ. போன்ற இரண்டாவது பரிசோதனை வேண்டும். இரண்டும் சேர்ந்து சொன்னால்தான் நோய் உறுதி. ஒன்றை நினைவில் வையுங்கள்: இரண்டாவது பரிசோதனை ஒருமுறை நேர்மறை ஆனால் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும், நோய் முற்றிலும் குணமான பின்பும். பத்தாண்டு கழித்து வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில் அது தெரிந்தால் புதிய குற்றம் எதுவும் அங்கே இல்லை, பழைய தழும்பு.

இந்தப் பரிசோதனைகளால் சொல்லவே முடியாத ஒன்று உண்டு. வீட்டில் எல்லாரும் முதலில் கேட்பதும் அதைத்தான்: யாரிடமிருந்து யாருக்கு வந்தது? 1:16 என்ற எண்ணில் தேதி இல்லை. ஒருவர் எண் கூடுதலாகவும் மற்றவர் எண் குறைவாகவும் இருந்தால் முந்தியவர் யார் என்று அதிலிருந்து கணிக்க முடியாது. சிகிச்சை இல்லாமலேயே காலப்போக்கில் எண் இறங்கும். மனைவிக்கு நேர்மறை என்று வந்தால் "இவளிடமிருந்துதான் எனக்கு வந்தது" என்று சொல்ல எந்த ஆய்வகமும் ஆதாரம் தராது. அதனால்தான் கடிதம் யாரையும் நோயின் மூலம் என்று காட்டுவதில்லை.

இரகசியம் காப்பதற்கும் எல்லை உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஒரே ஒருவரோடு மட்டும் வாழும் பெண்ணுக்கு இந்தச் சீட்டு வந்தால் அனுப்பியவர் யார் என்று நொடியில் தெரிந்துவிடும். எழுத்தில் பெயரை விட்டுவிட்டதால் அவருக்கு எதுவும் மறைவதில்லை. மாமியார், நாத்தனார், கொழுந்தனார் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீட்டில் தபால் உறையை யார் பிரிப்பார் என்றும் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போன் பிள்ளை கையில் இருக்கும். என் முடிவு, மணமான துணைக்குத் தபாலும் குறுஞ்செய்தியும் கடைசி வழியாகவே இருக்க வேண்டும். முதல் வழி, கணவரே ஆலோசகர் முன்னிலையில் மனைவியிடம் சொல்வது. அவரால் சொல்ல முடியாவிட்டால், மனைவியைத் தனியே அழைத்து ஆலோசகர் பேசுவது. ஊர் தள்ளி இருக்கும் அந்த மகாராட்டிரத்துப் பெண்ணுக்குத்தான் பெயரில்லாச் சீட்டு முழுப் பயன் தரும். அவர் பெயரும் இடமும் தெரிந்தால் அங்குள்ள மையத்தின் வழியாக, அவருக்குப் புரியும் மொழியில் அது போக வேண்டும்.

இரகசியம் எங்கே முடிந்து, மற்றவரின் உயிர் எங்கே தொடங்குகிறது என்பது நீதிமன்றம் வரை போன கேள்வி. 1995-இல் சென்னை மருத்துவமனை ஒன்றில் இரத்தம் கொடுத்த ஒரு மருத்துவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது, செய்தி வெளியே போய் அவருடைய திருமணம் நின்றது. தீர்ப்பில் அவர் பெயர் "எக்ஸ்", மருத்துவமனை "இசட்". 1998-இல் உச்ச நீதிமன்றம், மணக்கவிருந்த பெண்ணின் உயிர் உரிமைக்கு முன் இரகசிய உரிமை தாழும் என்றது. பிறகு 2017-இல் எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மருத்துவரோ ஆலோசகரோ துணையிடம் சொல்லலாம், ஆனால் படிகள் உண்டு. துணைக்குக் கணிசமான ஆபத்து இருக்க வேண்டும். நோயாளியையே சொல்லச் சொல்லி ஆலோசனை தந்திருக்க வேண்டும். அவர் சொல்லமாட்டார் என்று உறுதிப்பட வேண்டும். நாங்கள் சொல்லப்போகிறோம் என்று அவரிடம் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். துணையிடம் நேரில், ஆலோசனையோடு சொல்ல வேண்டும். சொன்னால் அடி உதை, வீட்டைவிட்டுத் துரத்தல் நேரும் என்று நியாயமாக அஞ்ச இடமிருந்தால், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், சொல்லக் கூடாது. அந்த விலக்கை எழுதியவர்கள் நம் வீடுகளை அறிந்தவர்கள் என்று நினைக்கிறேன்.

இந்தச் சட்டம் சிபிலிஸுக்குப் பொருந்தாது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள் நோயாளியின் இரகசியத்தைக் காக்கச் சொல்கின்றன. ஒரு குறிப்பிட்ட ஆளுக்குத் தெளிவாகத் தெரிந்த கடும் ஆபத்து இருந்தால் விலக்குத் தருகின்றன. கடிதம் அந்த விலக்கைத் தொடத் தேவையே ஏற்படாதபடி வேலையை முடித்துவிடுகிறது என்பதே அதன் சிறப்பு. தகவல் போய்ச் சேர்கிறது, பெயர் போவதில்லை.

கடிதம் தரும் இரகசிய வாக்கு இரு பக்கமும் பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மனைவி பரிசோதனைக்கு வந்தாரா, முடிவு என்ன என்று கணவர் கேட்டால் ஆலோசகர் சொல்ல மாட்டார். "நான்தானே அனுப்பினேன், எனக்குத் தெரிய வேண்டாமா?" என்று சண்டை பிடித்தாலும் சொல்லக் கூடாது. மனைவியின் இரத்தம், மனைவியின் முடிவு. தானே சொல்ல விரும்பினால் சொல்வார்.

ஏப்ரல் 7-க்குத் திரும்புவோம். மனைவியின் ஆர்.பி.ஆர். இல்லை என்று வருகிறது. எச்.ஐ.வி. பரிசோதனையும் கூடவே செய்கிறார்கள், அதுவும் இல்லை. காரணம் விளக்கப்பட்டு அன்றே ஊசி போடப்படுகிறது. ஜூலை தொடக்கத்தில் இரண்டு பரிசோதனையையும் மறுபடி செய்யச் சொல்கிறார்கள், ஏனென்றால் எச்.ஐ.வி.க்கும் எதிர்மம் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம். எச்.ஐ.வி.க்கு இந்த ஊசி எதுவும் செய்யாது. ஆகவே அந்த ஜூலைப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. அதுவரை ஆணுறை இல்லாமல் உறவு வேண்டாம்.

தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. ஆலோசனைக்கும் பரிசோதனைக்கும் நம்பிக்கை மையங்கள், பால்வினை நோய்களுக்குச் சுகவாழ்வு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. இரண்டிலும் கட்டணம் இல்லை. கெங்கவல்லியிலிருந்து பக்கத்தில் எது, ஆத்தூரா சேலமா என்று கேட்க 1097 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். பெயர் சொல்லத் தேவையில்லை. இப்படி ஒரு சீட்டு உங்கள் கைக்கு வந்தால், அனுப்பியது யார் என்று தேடுவதை ஒரு நாள் தள்ளிவைத்து, முதலில் அந்த எண்ணோடு மருத்துவமனைக்குப் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.